மொபைல் டேட்டாவில் நீண்ட வீடியோ கால்: போன் ஏன் சூடாகி மந்தமாகிறது, அளந்து சரிசெய்வது எப்படி

முதல் பத்து நிமிடம் ஒரு குறையும் தெரியாது. இருபது நிமிடம் தாண்டும்போது பின்புறம் கேமராவுக்குப் பக்கத்தில் சூடு தெரிய ஆரம்பிக்கும். அரை மணியில் எதிரில் இருப்பவரின் முகம் கட்டம் கட்டமாக உடையும், திரை தானாகவே மங்கும், மெசேஜ் ஒன்றைத் திறந்தால் கீபோர்டு தாமதித்து வரும். இதே போனில், இதே ஆப்பில், வீட்டு வைஃபையில் ஒரு மணி நேரம் பேசினால் இவ்வளவு சூடு வருவதில்லை. கேமராவும் திரையும் பிராசஸரும் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆகவே கூடுதல் சூடு வருவது டவரோடு பேசும் பகுதியிலிருந்துதான். இதைப் பிடித்துக்கொண்டால் வழி தெளிவாகிவிடும். கவரைக் கழற்றுவது, மின்விசிறியில் காட்டுவது எல்லாம் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது டவருக்கும் போனுக்கும் நடுவில் இருக்கும் சுவர்.

அனுப்புவதில்தான் சூடு

யூடியூப்பில் இரண்டு மணி நேரம் படம் பார்த்தாலும் போன் இப்படிக் கொதிப்பதில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. படம் பார்க்கும்போது போன் பெரும்பாலும் வாங்குவதைத்தான் செய்கிறது. அதுவும் சில நொடிகளில் ஒரு பெரிய துண்டை இறக்கி வைத்துக்கொண்டு, அடுத்த துண்டு தேவைப்படும்வரை டவரோடு பேசும் மோடம் கண்ணயரும். வீடியோ காலில் அந்த ஓய்வு கிடையாது. பேச்சு சுமார் 20 மில்லி நொடிக்கு ஒரு பொட்டலமாகவும், படம் நொடிக்கு முப்பது ஃப்ரேம் வரையிலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வாங்குவதைவிட அனுப்புவதுதான் போனுக்குப் பாரம், ஏனென்றால் அனுப்பும் அலையைப் போன் தன் பேட்டரியைச் செலவழித்து உண்டாக்குகிறது.

எவ்வளவு பலமாக அனுப்ப வேண்டும் என்பதைப் போன் தன்னிச்சையாகத் தீர்மானிப்பதில்லை. டவர் சொல்கிறது. சிக்னல் நன்றாக இருந்தால் மெல்லப் பேசினால் போதும் என்று சொல்லும். சிக்னல் மெலிந்தால் உரக்கப் பேசு என்று சொல்லும். 4ஜி போன் பொதுவாக 23 dBm, அதாவது 200 மில்லி வாட் வரை அனுப்பலாம். கேட்க அற்பமான அளவுதான். ஆனால் ஆன்டெனாவில் 200 மில்லி வாட் வெளியேற, உள்ளே இருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர் அதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். முழுப் பலத்தில் ஒரு வாட்டைத் தொட்டுவிடும், மிச்சமெல்லாம் சூடுதான்.

dBm கணக்கில் ஒரே ஒரு விஷயம் நினைவில் இருந்தால் போதும்: 3 கூடினால் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. சன்னலோரத்தில் 20 மில்லி வாட்டில் சுகமாகப் பேசிக்கொண்டிருந்த போன், 10 dB தடுக்கும் ஒரு காங்கிரீட் சுவரைத் தாண்டி உள்ளறைக்குப் போனால் 200 மில்லி வாட் கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொரு சுவர் குறுக்கே வந்தால் அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. அப்போது டவர் வேறு வழிக்குப் போகும்: ஒரு தடவையில் குறைந்த தகவலை ஏற்றி, அதை நிதானமாக, நீண்ட நேரம் அனுப்பச் சொல்லும், சேராததை மறுபடி அனுப்பச் சொல்லும். போன் உச்சக் குரலில், இடைவெளி விடாமல் கத்திக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளறையில் நடக்கும் நீண்ட காலின் கதை இதுதான்.

போன் வெளியேற்றக்கூடிய சூடு எவ்வளவு

போனுக்குள் விசிறி இல்லை. முன் கண்ணாடியும் பின் மூடியும் வழியாகத்தான் சூடு போக வேண்டும். இரண்டு முகமும் சேர்ந்து 220 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வரும். கையில் பிடிக்கத் தகுந்த வரம்பு என்று தயாரிப்பாளர்கள் பின்புறத்தை ஏறக்குறைய 43 டிகிரியை ஒட்டி நிறுத்தப் பார்க்கிறார்கள். அறை 25 டிகிரி என்றால் இடைவெளி 18 டிகிரி. அந்த நிலையில் போன் சுமார் 4 வாட் சூட்டை வெளியே தள்ள முடியும். அறையே 37 டிகிரி என்றால் இடைவெளி 6 டிகிரிதான்; தள்ளக்கூடியது 1.3 வாட்டுக்கு இறங்கிவிடும். சித்திரை வைகாசி மாதங்களில் வேலூரிலோ மதுரையிலோ, டிசம்பரில் ஒழுங்காக வேலை செய்த அதே போன் அரை மணியில் திணறுவதற்கு இந்தக் கழித்தல் கணக்கு போதும். போனில் புதிதாக ஒன்றும் கெட்டிருக்க வேண்டியதில்லை.

போனை மெத்தையில் சாய்த்து வைத்தால் ஒரு முகம் முழுக்க மூடிக்கொள்கிறது. தடித்த ரப்பர் கவரும் அதே வேலையைச் செய்யும்.

வரம்பை நெருங்கியதும் போன் படிப்படியாக இறங்கி வரும். முதலில் பிராசஸரின் உச்ச வேகத்தைக் குறைக்கும், திரை வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் பல போன்கள் மோடத்தையும் கட்டுப்படுத்தும்: 5ஜியை விட்டு 4ஜிக்கு வரும், ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளைச் சேர்த்துப் பிடிப்பதை நிறுத்தும். ஆகவே போன் சூடானால் நெட்டும் மந்தமாகும் என்பது வெறும் பிரமை அல்ல. இது கோளாறும் அல்ல. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் முறை.

மந்தம் எதனால் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

சூட்டால் வரும் மந்தம், நெட்டால் வரும் மந்தம், டேட்டா தீர்ந்து வரும் மந்தம் மூன்றும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் மருந்து வேறு வேறு.

சூட்டு மந்தம் மெல்ல மெல்ல ஏறும், மெல்லத்தான் இறங்கும். காலை நிறுத்திவிட்டு உடனே செட்டிங்ஸைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். திரை விட்டு விட்டு நகர்ந்தால், சில நிமிடம் கழித்துத் தானாகச் சரியானால், அது சூடு. நெட் மந்தம் அப்படி இருக்காது: படம் உடையும், ஆனால் போன் கைக்கு இயல்பாக ஓடும், அறை மாறினால் திடீரென்று தெளியும், மறுபடி கெடும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. போக ஒரு எம்பிபிஎஸ், வர ஒரு எம்பிபிஎஸ் என்று ஓடும் வீடியோ கால், ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி போக்கும் 450 எம்பி வரவும் தின்னும். இரண்டு மணி நேரத்தில் 1.8 ஜிபி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்ற ரீசார்ஜ் அதற்குள் முடிந்துவிடும், அதன் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும். அதில் குரலே தட்டுத் தடுமாறும், படம் நிலைக்கவே நிலைக்காது. முதல் ஒன்றரை மணி நன்றாக ஓடி, ஒரே நொடியில் மொத்தமாக விழுந்தால் போனைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் மிச்ச டேட்டாவைப் பாருங்கள்.

கால் குரோம் உலாவியில் நடக்கிறது என்றால் இன்னும் துல்லியமாகத் தெரிந்துகொள்ளலாம். இன்னொரு டேபில் `chrome://webrtc-internals` என்று தட்டினால் அந்தக் காலின் உள்விவரம் வரும். அனுப்பும் வீடியோவுக்கான `outbound-rtp` பகுதியில் `qualityLimitationReason` என்று ஒரு வரி இருக்கும். அதில் `cpu` என்று இருந்தால் படத்தைக் குறைத்தது போன். `bandwidth` என்று இருந்தால் குறைத்தது நெட். பக்கத்திலேயே `qualityLimitationDurations` என்பதில் எத்தனை நொடி எதனால் குறைந்தது என்ற கூட்டுத்தொகையும் கிடைக்கும். முதல் கால் மணியில் `none` என்று இருந்து, பிறகு `cpu` ஏறிக்கொண்டே போனால் சூடு என்பதற்கு நல்ல தடயம்.

சிக்னலை எண்ணில் பாருங்கள்

கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை கோடு காட்டுவது என்பது ஒவ்வொரு போனுக்கும் ஒரு மாதிரி. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் About phone போய் SIM status திறந்தால் Signal strength என்ற இடத்தில் `-96 dBm` என்பதுபோல் ஒரு எண் இருக்கும். ஐபோனில் `*3001#12345#*` டயல் செய்தால் வரும் திரையில் RSRP என்று தேட வேண்டும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதால் 80 நல்லது, 110 மோசம். 4ஜியில் -90ஐவிட நன்றாக இருந்தால் கவலை இல்லை. -100ஐ ஒட்டி இருந்தால் ஓடும், ஆனால் போன் உழைக்கும். -110க்குக் கீழே போய்விட்டால் நீண்ட வீடியோ காலுக்கு அந்த இடம் ஆகாது.

வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு இடத்திலும் போனை வைத்து அரை நிமிடம் காத்திருந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் உடனே மாறாது, அதனால்தான் காத்திருக்க வேண்டும். வழக்கமாக உட்கார்ந்து பேசும் நாற்காலிக்கும் அதே அறையின் சன்னலுக்கும் நடுவிலேயே 10 dB வித்தியாசம் வருவது சாதாரணம். உலோக நிலைப்பேழைக்குப் பக்கம், ஃப்ரிட்ஜுக்குப் பக்கம், தகரக் கூரைக்குக் கீழ் எல்லாம் எண் விழும். காந்தத்தில் ஒட்டும் ஸ்டாண்டுக்காகக் கவருக்குள் ஒரு இரும்புத் தகடு வைத்திருந்தால் அதைக் கழற்றி வைத்தும் ஒரு முறை பாருங்கள்.

எவ்வளவு வாட் என்று அளக்க

கணினியும் யுஎஸ்பி கேபிளும் இருந்தால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். டெவலப்பர் ஆப்ஷனில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கீழே உள்ளதை `log.sh` என்று சேமிக்கவும். நிமிடத்துக்கு ஒரு முறை, நாற்பது முறை எழுதிவிட்டுத் தானே நின்றுவிடும். அதற்கடுத்த இரண்டு வரிகளைக் கணினியில் கொடுக்க வேண்டும்; adb என்பது கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி.

```
for i in $(seq 40); do
  date +%T
  dumpsys battery | grep -E 'temperature|Charge counter'
  dumpsys thermalservice | grep 'Thermal Status'
  cat /sys/devices/system/cpu/cpu7/cpufreq/scaling_max_freq
  sleep 60
done > /data/local/tmp/call.txt 2>&1
```

```
adb push log.sh /data/local/tmp/
adb shell "nohup sh /data/local/tmp/log.sh >/dev/null 2>&1 &"
```

இதை ஓடவிட்டதும் கேபிளை உருவிவிட வேண்டும். கேபிள் இருந்தால் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், கணக்கு கெட்டுவிடும். உருவியதும் ஸ்கிரிப்ட் நின்றுபோனால், டெவலப்பர் ஆப்ஷனில் Default USB configuration என்பதை டேட்டா பரிமாற்றம் இல்லாத நிலைக்கு மாற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கால் முடிந்ததும் கேபிளைச் செருகி `adb pull /data/local/tmp/call.txt` கொடுத்தால் பதிவு கைக்கு வரும்.

படிக்கும் முறை இதுதான். `temperature: 412` என்றால் பேட்டரி 41.2 டிகிரி. `Thermal Status` 0 என்றால் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை, 1 லேசானது, 2 நடுத்தரம், 3 கடுமை. சில போன்களில் தயாரிப்பாளர் இதை ஒழுங்காக இணைக்காமல் எப்போதும் 0 என்றே இருக்கும். அப்போது கடைசி வரியைப் பாருங்கள். எட்டு கோர் போனில் `cpu7` பொதுவாகப் பெரிய கோர். அதன் உச்ச வேகம் 2400000 என்று தொடங்கிப் பிறகு 1800000க்கு விழுந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியதை 1.8க்குக் கட்டிப் போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

`Charge counter` பேட்டரியில் மிச்சம் இருப்பதை மைக்ரோ ஆம்பியர் மணியில் சொல்கிறது. கணக்கு போடும் விதத்துக்கு ஒரு உதாரணம்: உள்ளறையில் பேசும்போது ஒரு வரியில் 3610000, பதினைந்து நிமிடம் கழித்து 3340000 என்று வந்தால், செலவானது 270 எம்ஏஹெச். மணிக்கு நான்கு மடங்கு, ஆகவே சராசரி 1080 மில்லி ஆம்பியர். பேட்டரியின் 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 4.2 வாட். அதே வீடியோ காலைச் சன்னலோரத்தில் பேசி, பதினைந்து நிமிடத்தில் 180 எம்ஏஹெச் மட்டும் போனால் 720 மில்லி ஆம்பியர், 2.8 வாட். மேலே பார்த்த வெளியேற்றக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். 30 டிகிரி அறையில் இடைவெளி 13 டிகிரி, போன் தள்ளக்கூடியது 2.9 வாட். உள்ளறையில் 4.2 வாட் என்றால் நொடிக்கு நொடி சூடு மிஞ்சிச் சேர்ந்துகொண்டே போகும், எப்போது கட்டுப்பாடு விழும் என்பது மட்டும்தான் கேள்வி. சன்னலோரத்தில் 2.8 என்றால் வரம்புக்குச் சற்றுக் கீழே நிலைத்துவிடும். ஒரே அறை வெப்பம், ஒரே போன், ஒரே ஆப். வித்தியாசம் ஒரு சுவர்.

பதினைந்து நிமிடத்துக்குக் குறைந்து அளக்க வேண்டாம். சில போன்களில் இந்த எண் படிப்படியாகத்தான் இறங்கும், குறைந்த நேரத்தில் கணக்கு தப்பும். கணினி இல்லாதவர்கள் சதவீதத்தைக் கொண்டே போடலாம்: 5000 எம்ஏஹெச் பேட்டரியில் ஒரு சதவீதம் 50 எம்ஏஹெச். இருபது நிமிடத்தில் 6 சதவீதம் போனால் 300 எம்ஏஹெச், மணிக்கு 900, ஏறக்குறைய 3.5 வாட். கரடுமுரடான கணக்குதான், ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிடப் போதுமானது.

எதை எந்த வரிசையில் மாற்றுவது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பதினைந்து நிமிடம் அளந்து, பிறகு அடுத்தது. ஐந்தையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும்.

முதலாவது இடம். சுற்றிப் பார்த்துக் குறித்த எண்களில் நல்ல இடத்துக்குப் போனைக் கொண்டுபோங்கள். சன்னல் என்றால் நேர் வெயில் படாத சன்னல். வெயில் விழுந்தால் சிக்னலில் மிச்சமானதை வெயில் ஏற்றிவிடும், திரையும் உச்ச வெளிச்சத்துக்குப் போகும். ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து இரண்டு முகமும் காற்றில் இருக்கவிடுங்கள். கையில் பிடிக்கும்போது கீழ் ஓரத்தை உள்ளங்கை மூடினால் பல போன்களில் முதன்மை ஆன்டெனாவே மூடிக்கொள்கிறது. அதற்காகவும் ஸ்டாண்ட் நல்லது.

சன்னலோரம் உட்கார்ந்து பேச வசதியில்லை, உள்ளறையில்தான் பேச வேண்டும் என்றால் நல்ல வழி ஒன்று இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய 4ஜி போனில் சிம்மைப் போட்டு, சன்னலில் வைத்து ஹாட்ஸ்பாட் திறந்துவிடுங்கள். பேசும் போன் வைஃபையில் இணையட்டும். டவரோடு மல்லுக்கட்டும் சூடு சன்னல் போனுக்குப் போய்விடும், அங்கே சிக்னல் நன்றாக இருப்பதால் அதுவும் அதிகம் இல்லை. பேசும் போனில் கேமரா, திரை, பிராசஸர் சூடு மட்டும் மிஞ்சும். தினமும் இரண்டு மணி நேரம் ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாடு வேறு இல்லை, செலவும் கிடையாது.

இரண்டாவது 5ஜி. இதில் எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. 4ஜியின் மேல் ஏறி நிற்கும் 5ஜி இணைப்பில் போன் ஒரே நேரத்தில் இரண்டு ரேடியோக்களையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஏர்டெல் தன் 5ஜியை அந்த முறையில்தான் தொடங்கியது, ஜியோ தொடக்கத்திலேயே தனித்து நிற்கும் 5ஜியைப் போட்டது. எந்த முறையானாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள 5ஜி அலை சுவரைத் தாண்டும்போது 850, 900 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலையைவிட அதிகம் மெலியும். மொட்டைமாடியில் 5ஜி குளிர்ச்சியாகவே ஓடலாம், உள்ளறையில் அதே 5ஜி போனைக் கொதிக்க வைக்கலாம். வீடியோ காலுக்குத் தேவை போக வர இரண்டு மூன்று எம்பிபிஎஸ்தான். அதைத் தரமான 4ஜி தாராளமாகத் தரும். சிம் செட்டிங்ஸில் Preferred network type என்பதை LTEக்கு மாற்றி ஒரு கால் பேசி அளந்து பாருங்கள், வாட் குறைந்தால் அப்படியே விடுங்கள்.

இரட்டை சிம் போட்டிருந்து இரண்டாவது சிம்முக்கு அந்த இடத்தில் சிக்னலே இல்லை என்றால், அது டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். கால் முடியும்வரை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஆப்பில் குறைப்பது. பின்னணியை மங்கலாக்கும் வசதி, முகத்தில் ஒட்டும் விளைவுகள் இரண்டையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஆள் எது, சுவர் எது என்று பிரித்து வரைவது பிராசஸருக்குச் சுமை, அதுவும் இடைவிடாத சுமை. வாட்ஸ்அப்பில் Storage and data பக்கத்தில் Use less data for calls என்று இருக்கிறது. அதை இயக்கினால் அனுப்பும் அளவு குறையும். சிக்னல் மெலிந்த இடத்தில் அனுப்பும் அளவு பாதியானால் ஆம்ப்ளிஃபையர் இயங்கும் நேரமும் கணிசமாகக் குறையும், ஆகவே படத்தில் கொஞ்சம் கூர்மை போனாலும் கால் முழு நேரமும் நிலைக்கும். குழு காலில் எல்லார் முகத்தையும் கட்டமாக வைக்காமல் பேசுபவரை மட்டும் காட்டும் பார்வைக்கு மாறினால் போன் விரித்துக் காட்ட வேண்டிய படங்கள் குறையும்.

நான்காவது சார்ஜ். பேசிக்கொண்டே வேகச் சார்ஜரில் போடுவது வேண்டவே வேண்டாம். 18 வாட் உள்ளே போகும்போது அதில் பத்தில் ஒரு பங்கு சார்ஜிங் சுற்றில் சூடாக வீணானாலே 1.8 வாட், அறை 37 டிகிரி என்றால் போன் மொத்தமாக வெளியேற்றக்கூடியதைவிட அதுவே அதிகம். காலுக்கு முன்னாலேயே 80 சதவீதம் ஏற்றிவிட்டு உருவிவிடுங்கள். இடையில் போட்டே ஆக வேண்டும் என்றால் பழைய 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜரில் போடுங்கள், அல்லது பேட்டரி செட்டிங்ஸில் வேகச் சார்ஜை நிறுத்துங்கள். வயர்லெஸ் சார்ஜ் இவற்றில் எல்லாவற்றையும்விட மோசம், சூடு நேராகப் பின்மூடியில் ஏறும்.

கடைசியில்தான் குளிர்விப்பது. கவரைக் கழற்றி மேசை விசிறியின் காற்று பின்மூடியில் படும்படி வைத்தால் பலன் கைக்கே தெரியும். ஃப்ரிட்ஜில் வைப்பதும் ஈரத்துணி சுற்றுவதும் கூடாது. குளிர்ந்த போனை வெளியே எடுக்கும்போது உள்ளே நீர் முத்துக்கள் கோக்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் கோக்கும்.

சர்வீசுக்குப் பிறகு தொடங்கிய சூடு

மேலே சொன்ன எல்லாம் செய்தும் குறையவில்லை, அதுவும் டிஸ்ப்ளேயோ பேட்டரியோ சார்ஜிங் போர்டோ மாற்றிய பிறகுதான் தொடங்கியது என்றால், வேறு இடத்தில் தேட வேண்டும்.

பல போன்களில் முதன்மை ஆன்டெனா கீழே, சப்-போர்டு என்ற சிறிய போர்டின் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து மேலே மதர்போர்டுக்குத் தலைமுடி போன்ற மெல்லிய ஒரு ஆன்டெனா வயர் பேட்டரி ஓரமாக ஓடும். அதன் இரண்டு முனையிலும் மிளகைவிடச் சிறிய வட்ட உலோகத் தொப்பி ஒன்று. அது போர்டில் உள்ள குமிழின் மேல் அழுந்தி உட்கார வேண்டும். பேட்டரி மாற்றும்போது இதைக் கழற்றுவார்கள். திரும்பப் போடும்போது ஓரத்தில் தொற்றிக்கொண்டு நின்றாலும் போன் இயங்கும், சிக்னல் கோடும் காட்டும். ஆனால் அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி ஆன்டெனாவுக்குப் போய்ச் சேராது. டவர் இன்னும் உரக்க என்று கேட்டுக்கொண்டே இருக்கும், போன் முழுப் பலத்தில் கத்திச் சூடாகும். பின்மூடிக்கு அடியில் உள்ள ஆன்டெனாத் தகட்டின் ஒரு திருகாணியைப் போடாமல் விட்டாலும் இதே விளைவு வரலாம்.

இதைப் பிரித்துப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். அதே சிம்மை வேறொரு போனில் போட்டு, அதே மேசையில், அதே இடத்தில் வைத்து dBm பாருங்கள். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் 3, 4 வித்தியாசம் சகஜம். சந்தேகப் போன் மட்டும் 10க்கு மேல் மோசமாக, பல இடங்களிலும் அப்படியே காட்டினால் ஆன்டெனா வழியில் குறை இருக்கிறது. சர்வீஸ் கடையில் “சூடாகுது” என்று மட்டும் சொன்னால் பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். “பக்கத்துப் போனில் -95, இதில் -108, ஆன்டெனா வயர் ரெண்டு முனையும் உக்காந்திருக்கான்னு பாருங்க” என்று சொன்னால் திறந்து நேராக அங்கே பார்ப்பார்கள். தட்டையான பிளாஸ்டிக் நெம்பியால் நேர் மேலிருந்து அழுத்தினால் மெல்லிய ஒரு ‘டக்’ உணர்வோடு உட்காரும். சாய்த்து அழுத்தினால் தொப்பி நசுங்கி வயரையே மாற்ற வேண்டிவரும்.

இன்னொன்று, பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கறுத்த கிராஃபைட் தாள். பிராசஸரின் ஒரு புள்ளிச் சூட்டைப் பின்புறம் முழுக்கப் பரப்புவது அதன் வேலை. மூடியைப் பிய்க்கும்போது கிழிந்துபோனால், அல்லது விலை குறைந்த மாற்று மூடியில் அந்தத் தாளே இல்லையென்றால், சூடு கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவில் குவியும். தடவிப் பார்த்தால் தெரியும்: நல்ல போனில் மேல்பாதி முழுக்க மிதமாகச் சுடும், இதில் ஒரு இடம் மட்டும் சுள்ளென்று இருக்கும், அரை அங்குலம் தள்ளினால் குளிர்ந்திருக்கும். கட்டுப்பாடும் அரை மணிக்குப் பதில் பத்து நிமிடத்திலேயே விழும்.

சுடும் இடத்தைக் கொண்டு இன்னும் இரண்டு முடிவுக்கு வரலாம். சார்ஜ் போட்டிருக்கும்போது கீழே போர்ட் பக்கம் மட்டும் சுட்டால் போர்ட்டின் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. நடுப்பகுதி, அதாவது பேட்டரி இருக்கும் இடமே எல்லாவற்றையும்விடச் சூடாக இருந்தால் பேட்டரிக்கு வயதாகி உள்மின்தடை கூடியிருக்க வாய்ப்பு. அதனுடன் பதிவில் பேட்டரி 45 டிகிரியைத் தாண்டி நின்றால், அந்தப் போனில் நீண்ட கால்களை நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்றுங்கள். பின்மூடி ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தாலோ, மேசையில் மல்லாத்தி வைத்தால் போன் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்திச் சமமாக்கப் பார்க்காமல், சார்ஜ் போடாமல், அப்படியே அணைத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.